ஹோல்பர்ன் விருந்தில் நின்றுபோன பேச்சு: இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீதிமன்றத்தில் எழுந்து நின்றதும் நா உலர்ந்துபோகும் இளம் வழக்கறிஞர்களுக்கும், மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தயங்கும் சட்ட மாணவர்களுக்கும்,

1891 ஜூன் மாதம் லண்டன் ஹோல்பர்ன் உணவகத்தில் ஒரு பிரிவு விருந்து நடந்தது. விருந்து கொடுத்தவர் 21 வயது மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பாரிஸ்டர் படிப்பு முடிந்துவிட்டது. ஜூன் 10 அன்று பாரிஸ்டராக ஏற்கப்பட்டு, 11 அன்று உயர் நீதிமன்றத்தில் பதிந்துகொண்டு, 12 அன்று ஊருக்குக் கப்பலேறினார். அதற்குச் சற்று முன்னால், லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பழகிய நண்பர்களை அழைத்து நன்றி சொல்ல விரும்பினார். ஹோல்பர்ன் புலால் உணவகம். அங்கே முழுக்கச் சைவ விருந்து வைப்பது புதுமையாக இருக்கும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இசை உண்டு, பேச்சுகளும் உண்டு. விருந்தளித்தவரும் பேசியாக வேண்டும்.

பேச்சைச் சில வாக்கியங்களுக்குள் அடக்கிக்கொள்வது என்றும் அதை ஒரு நகைச்சுவையில் தொடங்குவது என்றும் காந்தி திட்டமிட்டிருந்தார். ஆங்கில எழுத்தாளர் அடிசனைப் பற்றி வழங்கிவந்த ஒரு கதை அது. நாடாளுமன்றத்தில் முதன்முதலாகப் பேச எழுந்த அடிசன், 'எண்ணுகிறேன்' என்றும் 'கருவுறுகிறேன்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் நின்றாராம். உடனே ஒரு குறும்பர் எழுந்து, ஐயா மூன்று முறை கருவுற்றும் ஒன்றையும் பெறவில்லையே என்றாராம். பேச முடியாமல் போன ஒருவரின் கதையைக் கொண்டே தன் பேச்சைத் தொடங்கிவிடலாம் என்பது காந்தியின் எண்ணம். எழுந்தார், தொடங்கினார், பாதியில் நினைவு அறுந்தது. அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி என்ற பொருளில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். வேடிக்கையாகப் பேசப் போய்த் தானே வேடிக்கைப் பொருளானதாக, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதிய சத்திய சோதனையில் குறிப்பிடுகிறார்.

அந்தக் கணத்தில் உடலுக்குள் நடப்பது இன்று ஓரளவு தெளிவாகத் தெரியும். பலரின் பார்வை தன்மேல் குவிவதை மூளை ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, எச்சில் குறைந்து வாய் காய்கிறது, விரல் நடுங்குகிறது. கண்ணின் பாப்பா விரிவதால் அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியக்கூடும். அதே வேளையில் சிந்தனையின் ஒரு பகுதி, பேசவேண்டிய பொருளை விட்டுவிட்டு 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கண்காணிப்பில் இறங்கிவிடுகிறது. சொற்களை வரிசையாகப் பிடித்துவைத்திருக்கும் குறுகியகால நினைவுக்கு அதனால் இடம் போதாமல் போகிறது. நகைச்சுவைக்கு இது மிகவும் ஆகாது. கருத்தை வேறு சொற்களில் சொல்லிச் சமாளிக்கலாம். நகைச்சுவையிலோ ஒரு சொல் பிசகினாலும் முழுதும் வீணாகிவிடும்.

காந்தி அதை வைத்த இடமும் பாதகமான இடம். பேசுபவர்களின் நாடித்துடிப்பை அளந்த ஆய்வுகளில் ஒரே போக்கு திரும்பத் திரும்பத் தெரிகிறது. எழுவதற்கு முன்னாலேயே துடிப்பு ஏறத் தொடங்கி, பேச்சின் முதல் ஓரிரு நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு பேசப் பேசப் படிப்படியாக இறங்குகிறது. பேச்சிலேயே மிகத் துல்லியமான நினைவு தேவைப்பட்ட பகுதியைப் பதற்றம் உச்சத்திலிருக்கும் நிமிடத்தில் வைத்ததுதான் ஹோல்பர்ன் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. இறக்கம் தொடங்குவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டதால், பேசப் பேசப் பதற்றம் தானாகத் தணியும் என்பதை அன்று அவரால் அறியவும் முடியவில்லை.

இது முதல் தோல்வி அல்ல. சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தபோது கூட்டங்களுக்குத் தவறாமல் போவார், வாய் திறக்கமாட்டார். தனியாகப் பேசினால் சரளமாகப் பேசுகிறாயே, குழுவில் மட்டும் ஏன் இந்த மௌனம் என்று டாக்டர் ஓல்ட்ஃபீல்டு கேட்டிருக்கிறார். சங்கத்தின் தலைவர் ஹில்ஸ், கருத்தடையை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க முயன்றார். காந்திக்கு அலின்சனின் கருத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் அதற்காக ஒருவரை நீக்குவது முறையல்ல என்று தோன்றியது. கருத்தை எழுதிக்கொண்டு போனார், ஆனால் படிக்கும் துணிவு வரவில்லை. வேறொருவர் படித்தார், அலின்சன் தரப்பு தோற்றது. வெண்ட்னர் என்ற கடற்கரை ஊரில் நடந்த சைவ உணவுக் கூட்டத்திலும் இதே கதைதான். ஒரு தாளுக்குள் அடங்கும் பேச்சை எழுதிவைத்துப் படிக்க எழுந்தார். பார்வை மங்கியது, உடல் நடுங்கியது, நண்பர் மஜும்தார் வாங்கிப் படித்தார்.

எழுதிய தாள் கையில் இருந்தால் பயம் போகும் என்பது பலரின் நம்பிக்கை. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் தாள் இருந்தது, பயம் போகவில்லை. சமூகப் பதற்றம் ஏன் நீடிக்கிறது என்பதை விளக்க 1995இல் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் முன்வைத்த மாதிரியில் இதற்கு விடை கிடைக்கிறது. அஞ்சுபவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சில தற்காப்புச் செயல்களைக் கைக்கொள்கிறார். வரிக்கு வரி தாளைப் படிப்பது, யாரையும் நிமிர்ந்து பார்க்காதிருப்பது, வேகமாக ஒப்பித்து முடிப்பது ஆகியவை அத்தகையவை. அவை அவையோரிடமிருந்து கவனத்தை விலக்கித் தன்மேலேயே திருப்புகின்றன. நடுங்கும் கையிலுள்ள தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. பேச்சு நல்லபடியாக முடிந்துவிட்டாலும் 'தாள் இருந்ததால் தப்பித்தேன்' என்ற கணக்கே மனத்தில் எழுதப்படுகிறது. தாள் இல்லாமலும் பேச முடியும் என்ற செய்தி உள்ளே போவதில்லை.

ஹோல்பர்ன் பேச்சுக்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. அந்தச் சங்க வட்டாரத்தின் இதழான 'வெஜிடேரியன்' 1891 ஜூன் 13 அன்று விருந்தைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. காந்தி சற்றுப் பதற்றத்தோடு, ஆனால் மிக நயமாகப் பேசினார் என்பது அதன் மதிப்பீடு. வந்தவர்களை அவர் வரவேற்றது, இங்கிலாந்தில் புலால் மறுப்பு வளர்வது கண்டு மகிழ்ந்தது, சங்கத்தோடு தனக்கு ஏற்பட்ட தொடர்பை விவரித்தது, ஓல்ட்ஃபீல்டுக்குத் தான் பட்ட கடனை நெகிழ்ச்சியோடு சொன்னது எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. ஒரே வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லும் தன்வரலாற்றுக்கும் இந்தச் செய்திக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது.

வழக்கறிஞர் கண்ணோடு பார்த்தால் இரண்டு சாட்சியங்களுக்கும் குறை உண்டு. இதழை நடத்தியவர்கள் காந்தியின் நண்பர்கள். ஊருக்குப் போகும் இளைஞரைப் பற்றி அவர்கள் கடுமையாக எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் அது நிகழ்ச்சி நடந்த சில நாள்களுக்குள் எழுதப்பட்டது, பேச்சின் உள்ளடக்கத்தையும் தருகிறது. தன்வரலாறு பேசியவரின் சொந்த நினைவு, ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதே 1891 மே மாதத்தில் லண்டன் கூட்டமொன்றில் இந்திய உணவுகளைப் பற்றிக் காந்தி கட்டுரை படித்ததையும் அந்த இதழ் பதிந்திருக்கிறது. தொடக்கத்தில் சற்றுப் பதற்றம் இருந்ததாக அங்கேயும் ஒரு குறிப்பு. தன்வரலாற்றில் லண்டன் காலப் பேச்சுகள் எல்லாமே தோல்வி வரிசையில்தான் நிற்கின்றன. தட்டுத்தடுமாறியாவது நிறைவேறிய இந்த மே மாதப் பேச்சு அந்த வரிசையில் இல்லை.

பேசியவரின் கணக்கும் கேட்டவரின் கணக்கும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு அறியப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, உள்ளே நடக்கும் கொந்தளிப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்ற மயக்கம். கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்தது என்று மதிப்பிட்டார்கள், கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள். பேசியவர்களின் மதிப்பீடே தொடர்ந்து அதிகமாக இருந்தது. இப்படியொரு மயக்கம் இருப்பதாக முன்கூட்டியே விளக்கம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். இரண்டாவது, பேச்சு முடிந்தபின் மனம் நடத்தும் மறுவிசாரணை. அஞ்சுபவர் இரவெல்லாம் அதே காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். தடுமாறிய கணம் ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது, சரியாக வந்த வாக்கியங்கள் உதிர்ந்துபோகின்றன. அடுத்த பேச்சுக்கு எழும்போது கூட வருவது இப்படித் திருத்தப்பட்ட பிரதிதான்.

ஹோல்பர்னுக்குப் பின் வந்தது பம்பாய். இளம் வழக்கறிஞர்கள் நிறுத்திப் படிக்கவேண்டிய பகுதி இது. ஊர் திரும்பிய காந்தி பம்பாயில் தொழில் தொடங்கினார். பெரோஸ்ஷா மேத்தா சாட்சியச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், பத்ருதீன் தியாப்ஜியின் வாதத்திறமை நீதிபதிகளையே வியக்கவைப்பது என்றெல்லாம் நண்பர்கள் கதை சொன்னார்கள். கேட்கக் கேட்க நம்பிக்கை சரிந்தது. ஒருவழியாகச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மாமிபாய் என்பவரின் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். பிரதிவாதி தரப்பு என்பதால், வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதே வேலை.

காந்தி எழுந்தார். தலை சுற்றியது, நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். தன்னால் முடியாது, படேல் என்ற வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று கட்சிக்காரரின் ஏஜெண்டிடம் சொல்லி, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். படேல் 51 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார். கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதுகூடத் தெரியாமல் காந்தி அங்கிருந்து விரைந்து வெளியேறினார். துணிவு வரும்வரை வழக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். தென்னாப்பிரிக்கா போகும்வரை நீதிமன்றத்தில் வழக்காடவும் இல்லை.

அந்த முடிவு நேர்மையானது. கட்சிக்காரரைப் பலிகொடுக்காமல் விலகியதில் குற்றம் இல்லை. ஆனால் பதற்றத்தின் கணக்கில் அது விலை உயர்ந்த முடிவு. உட்கார்ந்த நொடியில் நெஞ்சுத் துடிப்பு இறங்குகிறது, பெரிய நிம்மதி கிடைக்கிறது. விலகினால் நிம்மதி என்ற பாடத்தை உடல் கற்றுக்கொள்கிறது. விலக விலக அடுத்த முறை எழுவது இன்னும் கடினமாகிறது. 'துணிவு வந்தபின் எழுவேன்' என்ற நிபந்தனையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. எழுந்து நின்று, பயந்தது நடக்காததைக் கண்ட பிறகே துணிவு வருகிறது. காந்தி ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார். எழுதுவதில் குறையே இல்லை. அறிவுக் குறைவால் அல்ல, எழுந்து நிற்பதில் இருந்த அச்சத்தால்தான் பம்பாயில் தொழில் நின்றது என்பதற்கு இதுவே சான்று.

திருப்பம் 1893இல் பிரிட்டோரியாவில் நேர்ந்தது. தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்கா போயிருந்த காந்தி, அவ்வூர் இந்தியர்களைக் கூட்டிப் பேச விரும்பினார். சேட் ஹாஜி முகமது ஹாஜி ஜூசப்பின் வீட்டில் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வணிகத்தில் உண்மையாக நடப்பது பற்றிப் பேசினார். தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் எண்ணுவது இதைத்தான். பேச்சு ஓரளவு நன்றாகவே அமைந்தது.

ஹோல்பர்னில் தடுமாறியவர் பிரிட்டோரியாவில் தடுமாறவில்லை. ஆள் மாறவில்லை, சூழல் மாறியிருந்தது. கேட்டவர்கள் சிறு கூட்டம், அதுவும் ஒரு வீட்டுக்குள். மெத்தப் படித்த ஆங்கில நண்பர்கள் முன் நயமாகத் தெரியவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. பொருளை அவர் நன்கு தயார்செய்திருந்தார். மனப்பாடம் செய்த நகைச்சுவையோ எழுதிய தாளோ துணையாக இருந்ததாகச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சின் நோக்கம் தன்னை நிரூபிப்பது அல்ல. அந்த இந்தியர்களின் நிலைமையை அறிந்து, அவர்களுக்கென ஒரு சங்கம் அமைப்பது. கூட்டத்தின் முடிவில் ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குக் கற்றுத்தர முன்வந்தார். ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு கடைக்காரர் என மூவர் சேர்ந்தார்கள். கவனம் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்பதிலிருந்து 'இவர்களுக்கு என்ன தேவை' என்பதற்குத் திரும்பும்போது, தன்னைக் கண்காணிக்கும் வேலைக்கு மனத்தில் இடம் குறைந்துவிடுகிறது. அதன்பின் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஒரே வகைக் கூட்டத்தில், ஏறத்தாழ ஒரே முகங்களின் முன் திரும்பத் திரும்பப் பேசும் வாய்ப்பு அமைந்தது. இன்றைய சிகிச்சை முறையில் படிப்படியாக எதிர்கொள்ளல் என்று சொல்லப்படுவதற்கு இது மிக நெருக்கமானது.

ஆனால் ஒரு வெற்றியோடு பதற்றம் தீர்ந்துபோவதில்லை. 1896இல் இந்தியா வந்த காந்திக்குப் பம்பாயில் செப்டம்பர் 26 அன்று பொதுக்கூட்டம் ஏற்பாடாயிற்று. பேச்சை எழுதி அச்சிட்டுவிடுமாறு பெரோஸ்ஷா மேத்தா அறிவுறுத்தினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. காந்தி படிக்கத் தொடங்கினார், குரல் நடுங்கியது. இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று மேத்தா ஊக்கப்படுத்தினார். ஊக்கம் கூடக் கூடக் குரல் இன்னும் தாழ்ந்தது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே தாளை வாங்கினார். கூட்டமோ 'வாச்சா, வாச்சா' என்று கத்தியது. இறுதியில் பம்பாய்த் தலைவர்களுள் ஒருவரான தின்ஷா வாச்சா படித்து முடித்தார். வெண்ட்னரில் மஜும்தார் செய்ததை இங்கே வாச்சா செய்தார். பிரிட்டோரியாவில் வந்த திறமை பம்பாய் அரங்கில் கைகொடுக்கவில்லை. புதிய இடம், பெரிய கூட்டம், யாருடைய புகழைக் கேட்டு முன்பு மனம் தளர்ந்தாரோ அந்த மேத்தாவே பக்கத்தில். பழைய அச்சத்தைத் தட்டி எழுப்ப இவை போதும். 'சத்தமாகப் பேசு' என்ற நல்லெண்ண அறிவுரையும், குரலின்மேல் கவனத்தை இன்னும் திருப்பிவிட்டு, எதிரான பலனையே தந்திருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். அங்கும் அச்சிட்ட பேச்சுதான், அவருடைய அளவில் நீண்ட பேச்சும்கூட. ஆனால் கூட்டம் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டதாக எழுதுகிறார். காரணத்தையும் அவரே தருகிறார். டர்பனில் முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தத்தோடு காந்தியிடம் வந்து நின்ற ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரம் ஒரு தமிழர். அவருக்காகக் காந்தி வாதாடிய செய்தி சென்னையில் பேரார்வத்தைக் கிளப்பியிருந்தது. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளைச் சொல்லும் அவருடைய பச்சை அட்டைச் சிறுநூலும் பெருமளவில் விற்றது. கேட்பவர்களுக்குப் பொருளின்மேல் ஏற்கெனவே அக்கறை இருந்ததால், பேசுபவர் அவர்களை வெல்லவேண்டிய சுமை குறைந்தது.

1901 கல்கத்தா காங்கிரசில் தென்னாப்பிரிக்கா பற்றிய தீர்மானத்தை முன்மொழியக் காந்திக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. தலைமை வகித்தவர் அதே தின்ஷா வாச்சா. காந்தி நடுக்கத்தோடுதான் எழுந்தார், ஆனாலும் பேசினார். ஐந்து நிமிடம் ஆகாத நிலையில் மணி ஒலித்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. நிறுத்தச் சொல்வதாக நினைத்து மனம் புண்பட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். பதற்றத்தில் இருப்பவர் ஐயத்துக்கிடமான குறிப்பைத் தனக்கு எதிராகவே படிப்பார் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஹோல்பர்னுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் நடுக்கம் இருந்தது. பேச்சைத் தடுக்கும் வலிமைதான் அதற்குக் குறைந்திருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நீதிமன்ற நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை சில. முதலாவது, முதல் நிமிடத்தின் அமைப்பு. அதில் நினைவைச் சோதிக்கும் எதுவும் இருக்கக் கூடாது. வழக்கு எண், யார் சார்பில் முன்னிலையாகிறார், கேட்கும் பரிகாரம் என்ன என்ற மூன்று எளிய வாக்கியங்கள் போதும். இவற்றைத் தாளிலிருந்தே படித்தாலும் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். உச்சப் பதற்றம் கடந்துபோக வேண்டிய நேரத்தை அந்த வாக்கியங்கள் வாங்கிக் கொடுக்கும். அதன்பின் முழு எழுத்துப் படிக்குப் பதிலாக, பெரிய எழுத்தில் தலைப்புகள் மட்டும் கொண்ட ஒரு பக்கக் குறிப்பு நல்லது. கண் மங்கினாலும் பெரிய எழுத்து தெரியும். தலைப்பைப் பார்த்து நிமிர்ந்து பேசவேண்டியிருப்பதால் நீதிபதியின் முகமும் கண்ணில் படும்.

இரண்டாவது, ஏணியின் படிகள். குறுக்கு விசாரணை மேல்படி, ஏனென்றால் சாட்சி சொல்லும் பதிலுக்கேற்ப அடுத்த கேள்வி உடனே பிறக்க வேண்டும். மாமிபாய் வழக்கில் காந்தி நேராக அந்தப் படியில் கால் வைத்தார். சீனியரின் அலுவலகத்தில் வேறு வரிசை அமைக்க முடியும். முதலில் வாய்தா கேட்பது, பிறகு எதிர்ப்பில்லாத மனுக்களைச் சொல்வது, பிறகு சிறு இடைக்கால மனுவில் வாதிடுவது, அடுத்து தன் தரப்புச் சாட்சியின் முதல் விசாரணை, கடைசியில் குறுக்கு விசாரணை. ஒரு படியில் எழும்போது வரும் பதற்றம் கணிசமாகத் தணியும்வரை அதே படியில் பல முறை நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை நின்றால் பலன் குறைவு. இடைவெளி குறுகலாக இருந்தால்தான் முந்தைய அனுபவம் அடுத்ததற்கு உதவும். குறுக்கு விசாரணைக்குப் போகும்போது, என்ன பதில் வந்தாலும் கேட்கக்கூடிய, ஆவணத்தோடு பிணைந்த சில கேள்விகள் எழுதி வைத்திருக்க வேண்டும். மனம் வெறுமையாகும் கணத்தில் ஆவணத்தைச் சாட்சியிடம் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டால்கூட மீண்டும் ஓட்டம் கிடைக்கும்.

மூன்றாவது, பேச்சுக்குப் பின்னான மறுவிசாரணை. அதை மனத்தின் போக்கில் விடாமல் சாட்சியத்தோடு நடத்த வேண்டும். மாதிரி நீதிமன்றப் பேச்சைக் காணொளியாகப் பதிந்து, பார்ப்பதற்கு முன் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறார் என்பதைப் பேசியவர் எழுதிவைக்க வேண்டும். கை எவ்வளவு நடுங்கியது, எத்தனை நொடி மௌனம் நீண்டது என்பதுபோல அளக்கக்கூடியவையாக அவை இருக்கட்டும். பிறகு அந்நியர் ஒருவரைப் பார்ப்பதுபோல் காணொளியைப் பார்த்து ஒப்பிட வேண்டும். எழுதியதைவிடக் காட்சியில் குறைவாகவே தெரிவது வழக்கம். உண்மையான நீதிமன்றத்தில் பதிவு கூடாது. அங்கே உடனிருந்த சக ஜூனியர் ஒருவரிடம், 'எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்காமல், 'என்ன சொன்னேன்' என்று கேட்கலாம். வெஜிடேரியன் இதழின் செய்தி செய்தது இதைத்தான்.

எல்லை எங்கே என்பதும் தெரிய வேண்டும். மேடையிலும் நீதிமன்றத்திலும் மட்டும் வரும் பதற்றம் ஒரு வகை. கடைக்காரரிடம் பேசுவது, தொலைபேசி எடுப்பது, பிறர் முன் சாப்பிடுவது எல்லாமே தவிர்க்கப்படுகிறது என்றால், பயிற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். அறிகை நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட முறை. திக்குவாய் வேறு வகை, அதற்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர் உண்டு. ப்ரோப்ரனலால் மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் என்று கேள்விப்பட்டுச் சக வழக்கறிஞரிடம் வாங்கி விழுங்குவது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், சில இதயக் கோளாறுகளிலும் அது கூடாது. மருத்துவர் தந்தாலும் உடல் அறிகுறிகளைத்தான் குறைக்கும், விலகும் பழக்கத்தை மாற்றாது.

காந்தி கடைசிவரை முழக்கமிடும் பேச்சாளர் ஆகவில்லை. தாழ்ந்த குரலில், அலங்காரம் இல்லாமல், சொற்களை எண்ணிப் பேசினார். கூச்சம் முற்றிலும் தன்னை விட்டுப் போகவில்லை என்றும், அது சொற்களில் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது என்றும் பிற்காலத்தில் எழுதினார். நடுக்கமே வராத நிலையை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அந்த நாள் வராமலே போகலாம். நடுக்கத்தோடு எழுந்து, கட்சிக்காரருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு உட்காரும் நிலை எட்டக்கூடியது. நீதிமன்றம் வழக்கறிஞரிடம் எதிர்பார்ப்பதும் அதற்கு மேல் இல்லை.